வாய்ச்சொல் புகாராவதில்லை: நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளரும் குறைதீர்க்கும் குழுவும்

நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பணி நிரந்தரக் கோரிக்கையும் வேலைநிறுத்தமும்தான். 2023 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அது கூட்டுக் கோரிக்கை. அதற்குச் சங்கமும் கொடியும் வழக்கறிஞர்களும் உண்டு. ஆனால், ஒரு தொழிலாளியின் நான்கு நாள் கூலி பிடிக்கப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் வாரவிடுப்பு மறுக்கப்படுகிறது. ஒருவர் காரணமின்றிக் கடினமான பணிக்கு மாற்றப்படுகிறார். இவை வேலைநிறுத்தம் ஆவதில்லை. மேஸ்திரியிடம் முறையிட்டால் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்ற பதிலோடு முடிந்துபோகின்றன. துப்புரவு, சாம்பல் அகற்றல், கழிவுநீர்ப் பராமரிப்பு போன்ற பணிகளில் தலித் மக்களையே நிறுத்திவைத்திருக்கும் இச்சமூகத்தில், இந்தத் தனிமனிதக் குறைகள் யாருடைய தலையில் விழுகின்றன என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய தனிக்குறைகளுக்கென்றே சட்டம் வகுத்த அமைப்புதான் குறைதீர்க்கும் குழு. அதை நீதிமன்றத்துக்கு மாற்றாக நாம் கருதவேண்டாம். எழுத்தில் கொடுத்த நாளிலிருந்து நிர்வாகத்துக்கு எதிராக நாட்களை எண்ணத் தொடங்கும் ஏற்பாடாகவே அதைக் காணவேண்டும். அந்த நாட்கணக்கைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982இலேயே குறைதீர்ப்பு அமைப்புக்கான பிரிவு எழுதப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2010 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தமே, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஒவ்வொரு தொழில் நிறுவனத்திலும் இக்குழு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஏற்கெனவே சொந்தக் குறைதீர்ப்பு முறை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. 'எங்களிடம் வேறு முறை இருக்கிறது' என்று பெரிய நிறுவனங்கள் சொல்லிக்கொள்ள அது இடம் தந்தது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கியதற்காகத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் சட்டம் இது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆயினும் இதன் 4ஆம் பிரிவில் உள்ள குறைதீர்க்கும் குழுவைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியம். 20 தொழிலாளர் என்ற வரம்பு அப்படியே தொடர்கிறது. பழைய விலக்கு இப்பிரிவில் இல்லை. குழுவில் நிர்வாகத்தரப்பும் தொழிலாளர்தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மொத்தம் பத்துப் பேருக்கு மேல் கூடாது. தலைவர் பொறுப்பு ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறிமாறி வரவேண்டும். தொழிலாளரில் பெண்களின் விகிதம் எவ்வளவோ, அதற்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். தலித் தொழிலாளருக்கு இத்தகைய பிரதிநிதித்துவம் எதையும் சட்டம் சொல்லவில்லை. ஆகவே தொழிலாளர்தரப்பில் யார் அமர்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

குழுவின் முடிவு பெரும்பான்மையால் எடுக்கப்படுகிறது. ஆனால் அப்பெரும்பான்மைக்குள் தொழிலாளர்தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உடன்பட்டிருக்க வேண்டும். ஆறுபேர் குழுவில் தொழிலாளர்தரப்பில் மூவர் என்றால், குறைந்தது இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் முடிவே எட்டப்படவில்லை என்றுதான் சட்டம் கருதும். நிர்வாகம் மூன்று வாக்குகளோடு ஒரே ஒரு தொழிலாளர் பிரதிநிதியை இழுத்துக்கொண்டு ஒருவரின் குறையைத் தள்ளுபடி செய்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு

நகரியத்தில் ஓர் ஒப்பந்ததாரரிடம் 35 பேர் துப்புரவுப் பணி செய்வதாகக் கொள்வோம். அவர்களில் ஒருவர் 2026 பிப்ரவரியில் 24 நாள் வேலை செய்கிறார். மார்ச் 2 அன்று வந்த கூலியில் 20 நாள்தான் கணக்கிடப்பட்டுள்ளது. இது கற்பனையான நேர்வு. எந்த நிறுவனத்தையும் குறிப்பதன்று.

அவர் முதலில் செய்யவேண்டியது கூலிச்சீட்டு, வங்கிக் கணக்கில் வரவு, தாம் வேலை செய்த நாட்களின் பட்டியல் ஆகியவற்றைச் சேகரிப்பது. வருகைப் பதிவேடு மேஸ்திரியின் கையில் இருக்கும். ஆகவே வாயில் நுழைவுப் பதிவு, அன்று உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள், எந்த வட்டத்தில் எந்தத் தெருவில் வேலை என்ற குறிப்பு ஆகியவையே அவருடைய சான்றுகள்.

அடுத்து, ஒரு பக்கத்தில் மனு. யார், எங்கே, எப்போதிலிருந்து வேலை செய்கிறார், எந்தத் தேதிகளின் கூலி வரவில்லை, என்ன வேண்டும். 'கருணைகூர்ந்து உதவ வேண்டுகிறேன்' என்று எழுதவேண்டியதில்லை. 'நான்கு நாள் கூலியைச் சேர்த்து வழங்க வேண்டும். பதிவேட்டைத் திருத்த வேண்டும்' என்று எழுதினால் போதும். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் இருப்பது நல்லது. பத்துக் குறைகளைச் சேர்த்தால் எளிதான ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றவற்றைக் கிடப்பில் போடுவார்கள்.

மனு ஒப்பந்ததாரரின் நிறுவனத்தில் உள்ள குறைதீர்க்கும் குழுவின் தலைவருக்குச் செல்லவேண்டும். அப்படிக் குழுவே இல்லை என்றால், 'குறைதீர்க்கும் குழு, வழி: வேலையளிப்பவர்' என்று முகவரியிட்டு அனுப்பலாம். குழு அமைக்காததும் அப்போது பதிவாகிவிடும். நகல் ஒன்றை முதன்மை வேலையளிப்பவரான நிறுவனத்துக்கும் அனுப்பவேண்டும். ஒப்பந்ததாரர் கூலி தராதபோது அதைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கவேண்டும். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதையும் சேர்ப்பு விவரத்தையும் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி நாட்கணக்கு. குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்கவேண்டும். நம் தொழிலாளியின் மனு மார்ச் 16 அன்று சேர்கிறது. குழு 30 நாளில் விசாரணையை முடிக்கவேண்டும். அதாவது ஏப்ரல் 15. முடிவு பாதகமாக வந்தாலோ, முடிவே வராமற்போனாலோ, அடுத்த 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் செல்லலாம். முடிவு வராத நேர்வில் அந்த 60 நாள் ஜூன் 14 அன்று முடிகிறது. பலர் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். 'குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது' என்று நிர்வாகம் சொல்லும் ஒவ்வொரு வாரமும் இந்த 60 நாளிலிருந்தே கழிகிறது.

சமரச அலுவலரிடம் தனியாளாகச் செல்ல இயலாது. தாம் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் வழியாகவே செல்லவேண்டும் என்கிறது சட்டம். எந்தச் சங்கத்திலும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த வாசல் மூடியே இருக்கும். ஆகவே மனு கொடுப்பதற்கு முன்பே உறுப்பினர் அட்டையும் சந்தா ரசீதும் கையில் இருக்கவேண்டும்.

எந்த அலுவலகம் என்பதிலும் தவறு நேர்கிறது. நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் இருந்தாலும், நடுவண் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனத்தில் எழும் தகராறு நடுவண் அரசின் தொழிலாளர் துறைக்கே உரியது. அந்நிறுவனத்தில் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான தகராறும் அவ்வாறே. எனவே மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் 60 நாள் கரைந்துவிடும். மத்திய உதவித் தொழிலாளர் ஆணையரின் அலுவலகத்துக்கே செல்லவேண்டும். samadhan.labour.gov.in என்ற தளத்திலும் தகராறுகளைப் பதியலாம்.

வேலையே போனால்

பணிநீக்கம் தனி வகை. ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கினால், வேறெவரும் உடன் நிற்காவிட்டாலும் அது தொழில் தகராறாகவே கருதப்படும். சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கடந்தபின் அவர் நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதைச் செய்யவேண்டும். பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டுகள். ஒப்பந்தத் தொழிலாளரை நீக்கும்போது உத்தரவு எதுவும் தருவதில்லை; நுழைவு அனுமதி அட்டையைப் புதுப்பிக்காமல் விடுவார்கள். அப்போது வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட நாளையே குறித்து, அன்றே எழுத்தில் அனுப்பவேண்டும்.

எங்கே பயன்படாது

குழுவில் மனு நிலுவையில் இருப்பதாலேயே தொழிலாளிக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. வழக்கு நடக்கும்போது பணி நிலைமைகளை மாற்றக்கூடாது என்ற தடை, சமரச அலுவலர், நடுவர், தீர்ப்பாயம் ஆகியோர் முன் நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போதே பொருந்தும். குறைதீர்க்கும் குழு அந்தப் பட்டியலில் இல்லை. பழிவாங்கல் தொடங்குவதாகத் தெரிந்தால் 30 நாள் முடிந்த மறுநாளே சமரசத்துக்குச் செல்வதுதான் அறிவு. அறுபதாம் நாள்வரை காத்திருக்கலாகாது.

கூலிப்பிடித்தம் மட்டுமே பிரச்சினை என்றால் வேறொரு வழியும் உண்டு. ஊதியச் சட்டத்தொகுப்பின்கீழ் அதற்குரிய அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். நிலுவையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. குழுவின் ஓராண்டைத் தவறவிட்டவருக்கு இது மிஞ்சியிருக்கும் வழி.

சாதி சொல்லி இழிவுபடுத்துவது 'குறை' அன்று, குற்றம். அது குழுவின் மேசைக்கு வரவே கூடாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகாராகப் பதியவேண்டும்; 2018 திருத்தத்தின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. 'உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று குழுவைக் காட்டினால் மறுக்கவேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழான உள்ளகக் குழுவே உரிய இடம்.

நெய்வேலியிலும் பிற தொழில் நகரங்களிலும் களப்பணி செய்யும் தோழர்களும் மாணவர்களும் தொழிலாளரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. உங்கள் ஒப்பந்ததாரரிடம் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? குழு இருக்கிறதா, அதில் தொழிலாளர்தரப்பில் யார் இருக்கிறார்கள்? குறை எந்தத் தேதியில் தொடங்கியது? மூன்றாவது கேள்விக்கான விடையை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழ் ஓராண்டு முடியும் நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.