டிக்கி எத்தனை லிட்டர்னு மட்டும் கேட்காதீங்க... குற்றாலம் போற பெட்டியை வைத்துப் பாருங்க!

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். தென்காசி ஸ்டேஷன் வாசலில் கார் தயாராக நிற்கும். பெரிய சூட்கேஸ் உள்ளே போய்விடும், நடுத்தரப் பெட்டியும் போய்விடும். கடைசியாக நிற்கும் சின்னப் பெட்டிதான் எப்படித் திருப்பினாலும் அடங்காது. கடைசியில் அதை யாராவது மடியில் வைத்துக்கொண்டு அருவிக்குப் போக வேண்டியதுதான். இத்தனைக்கும் கார் வாங்கும்போது ‘387 லிட்டர் டிக்கி’ என்று சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அந்தக் கணக்கு பொய்யா?

லிட்டரை எப்படி அளக்கிறார்கள்?

பொய் இல்லை. ஆனால் அது பெட்டிகளை வைத்து அளந்த கணக்கு கிடையாது. ஐஎஸ்ஓ 3832 என்ற சர்வதேச முறையில் 20 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம், 5 செ.மீ உயரம் உள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குகிறார்கள். ஒரு கட்டை சரியாக 1 லிட்டர். செங்கல்லை விடச் சின்னதான இந்தக் கட்டை, மூலை முடுக்கிலும் சக்கர மேட்டுக்குப் பக்கத்திலும் நுழைந்துவிடும். உங்கள் சூட்கேஸ் நுழையாது.

ஒரே லிட்டர், வேறு வேறு முடிவு

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நம்மிடம் மூன்று பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியது 77 x 52 x 30 செ.மீ, நடுத்தரம் 67 x 45 x 27, சின்னது 55 x 40 x 20. மூன்றையும் கூட்டினால் சுமார் 245 லிட்டர்தான் வருகிறது.

முதல் கார் ஒரு செடான். டிக்கி 88 செ.மீ ஆழம், 100 அகலம், 44 உயரம், அதாவது சுமார் 387 லிட்டர். பெரிய பெட்டியின் 52 செ.மீ பக்கம் 44 செ.மீ உயரத்துக்குள் நிற்காது, படுக்க வைத்தாக வேண்டும். நடுத்தரப் பெட்டியும் 1 செ.மீ வித்தியாசத்தில் நிற்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் 97 செ.மீ அகலம் போய்விடும். மேலே மிஞ்சுவது 14, 17 செ.மீ இடைவெளி. 20 செ.மீ தடிமனுள்ள சின்னப் பெட்டி அதில் நுழையாது. சுமார் 185 லிட்டர் காலியாக இருந்தும் பெட்டி வெளியே!

இரண்டாவது கார் உயரமான எஸ்யூவி. டிக்கி 66 ஆழம், 98 அகலம், மேல் தட்டு வரை 60 உயரம். இதுவும் சுமார் 388 லிட்டர்தான். இங்கே பெரிய பெட்டியும் நடுத்தரப் பெட்டியும் முன்னும் பின்னுமாக நின்றுவிடும். பக்கத்தில் மிஞ்சும் 21 செ.மீ இடத்தில் சின்னப் பெட்டியும் போய்விடும். வித்தியாசம் லிட்டரில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. ஆனால் எஸ்யூவியின் பின் கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் மேலே ஆழம் குறையும். அதனால் கதவை மூடிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

தூக்குவது யார்?

எஸ்யூவியிலும் ஒரு சிக்கல் உண்டு. டிக்கி வாசலின் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ உயரத்தில் இருந்து, உள்தளம் அதிலிருந்து 20 செ.மீ பள்ளமாக இருந்தால், 20 கிலோ பெட்டியை முதலில் தொடை உயரத்துக்குத் தூக்கி, பிறகு குனிந்து உள்ளே இறக்க வேண்டும். எடுக்கும்போது அந்த 20 செ.மீ மறுபடியும் தூக்க வேண்டும். முதுகு வலி உள்ளவருக்கு, மழையில் சேறான பார்க்கிங்கில், இதுதான் பெரிய பாடு. விளிம்பும் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெட்டியை விளிம்பில் சாய்த்து அப்படியே தள்ளிவிடலாம்.

ஷோரூமில் என்ன செய்யலாம்?

வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியையும் ஒரு டேப்பையும் எடுத்துப் போங்க. சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம், மேல் தட்டு வரை உயரம், சீட்டிலிருந்து கதவு வரை ஆழம், தரையிலிருந்து விளிம்பு உயரம் என நான்கையும் அளந்து குறித்துக்கொள்ளுங்க. செடானில் டிக்கி வாசலின் உயரத்தையும் அளங்க. உள்ளே இடம் இருந்தும் வாசலில் பெட்டி சிக்குவது உண்டு. வீட்டில் பெட்டி தூக்கப்போகிறவரே ஒருமுறை ஏற்றி, கதவை மூடி, இறக்கிப் பார்க்கட்டும்.

ஏழு சீட்டர் என்றால் எந்த சீட் நிலையில் அளந்தது என்றும் கேளுங்க. மாருதி எர்டிகாவில் மூன்றாம் வரிசை சீட் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர்தான். மடித்தால் 550.

ஏற்கெனவே செடான் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். சின்ன சூட்கேஸுக்குப் பதிலாகத் துணிப்பை எடுத்துப் போங்க. நம் கணக்கில் நடுத்தரப் பெட்டிக்குப் பின்னால் 21 செ.மீ சந்து ஒன்று மிஞ்சுகிறது. கட்டிப் பெட்டி போகாத அந்தச் சந்தில் துணிப்பை வளைந்து உட்கார்ந்துவிடும். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ஈரத் துண்டுகளும் அதிலேயே வரும்.