கோள்கள் பலன் தருவனவா?

சிவாலயங்களில் ஈசானியத் திசையில் நவக்கிரக மேடை அமைந்திருப்பது பெருவழக்கு. ஸ்ரீவைஷ்ணவத் திருக்கோயில்களில் பொதுவாக அது காணப்படுவதில்லை. மதுரைக் கூடலழகர் கோயில் போன்றவை விலக்கு. இதனால் நம் பூர்வாசாரியர்கள் கோள்களை இல்லையென்றார்கள் என்று கொள்ளலாகாது. ஜ்யோதிஷம் வேதாங்கமாகும், முகூர்த்தம் நோக்கியே விவாகாதிகளைச் செய்கிறோம். கோள்கள் பலனை அறிவிக்கின்றனவா, அன்றித் தாமே அளிக்கின்றனவா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இதற்கு விடை ப்ரஹ்மஸூத்ரத்தின் பலாதிகரணத்தில் (3.2.37–40) உள்ளது. கர்மமே அபூர்வத்தின் வழியாகப் பலன் தரும் என்பது ஜைமினியின் பக்ஷம். பரமபுருஷனே பலப்ரதன் என்பது பாதராயணரின் ஸித்தாந்தம். வாயு முதலான தேவதைகள் பலன் தருவதாக வேதம் கூறுகின்றதே எனில், அவர்கள் அவனுக்குச் சரீரமாதலால், உள்ளே உறையும் அவனே ஆராதிக்கப்பட்டுப் பலன் அளிக்கிறான் என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிர்வஹித்தருளினார். ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் ஆதித்யனையும், சந்திரனையும், தாரகைகளையும் இவ்வாறே அவனுக்குச் சரீரமாக ஓதுகின்றது.

ஏழரைச் சனியில் ஒருவன் துன்புறுகிறான் என்று கொள்வோம். துன்பத்திற்குக் காரணம் அவனது ப்ராரப்தம். அதை அநுபவிக்கச் செய்பவன் ஈச்வரன். சனியின் நிலை அக்காலத்தைக் காட்டும் குறி. ஆகவே சனியை ஸ்வதந்த்ரனாக எண்ணி வேண்டுவது, ஓலை கொணர்ந்தவனையே ஆணையிட்ட அரசனாகக் கருதுவதை ஒக்கும். சரணாகதி செய்தவனுக்கு ஏழரைச் சனி வாராது என்றும் இதனால் தேறாது. த்ருப்த ப்ரபந்நனுக்கு ஸஞ்சிதம் கழியும். இவ்வுடல் உள்ளளவும் அநுபவிப்பதாக அவன் இசைந்த ப்ராரப்தம் தொடரும். துன்பம் நீங்காமை கண்டு சரணாகதி பலிக்கவில்லையென ஐயுற்று வேறு வாசல் தேடுமிடத்தே இடறுகிறோம்.

நித்யாநுஷ்டானத்திலும் இக்கொள்கை புலப்படும். ஸ்மார்த்தர்கள் ஸந்த்யாவந்தனத்தில் ஒன்பது கிரகங்களுக்குத் தர்ப்பணம் செய்து, பின் கேசவாதி பன்னிரு நாமங்களுக்குச் செய்வர். ஸ்ரீவைஷ்ணவர்கள் கேசவாதி தர்ப்பணத்தோடு அமைவர். ஸூர்யனை நோக்கி அர்க்யம் விடும்போதும் மண்டலத்தின் நடுவே எழுந்தருளியிருக்கும் நாராயணனே நமக்கு இலக்கு.

தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளை இன்று நவக்கிரகத் தலங்களாகச் சேவிப்பார் பலர். ஸ்ரீவைகுண்டம் ஸூர்யனுக்கும், பெருங்குளம் சனிக்கும், இரட்டைத் திருப்பதி ராகு கேதுக்களுக்கும் உரியவை என்பர். நம்மாழ்வார் பாசுரங்களில் இவ்வியைபு இல்லை. தொலைவில்லிமங்கலமாகிய இரட்டைத் திருப்பதி நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகவே எண்ணப்படும். அக்கணக்கில் இவை எட்டே. ஆயினும் இங்குக் கிரகத்திற்குத் தனி ஸந்நிதி வையாமல், அவ்வவ்விடத்துப் பெருமாளையே கிரகத்தின் ஸ்தானத்தில் கொண்டமை மேற்சொன்ன ஸித்தாந்தத்தோடு முரணாது.

பெருங்குளத்தில் தீபமேற்றுபவன் சனிக்கென்று ஏற்றினானா, மாயக்கூத்தனுக்கென்று ஏற்றினானா என்பதை அவன் நெஞ்சே அறியும். சனி பெயர்ந்த பின்பும் அவனைச் சேவிக்க வருவானாகில், அவனுக்கென்றே ஏற்றினான் என்று தெளியலாம்.