காரா, டாங்கியா?

1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. டெட்ராய்ட் நகரத்துக் கார் ஆலைகள் போர்த் தளவாடங்களுக்கு மாறின. காருக்கும் டாங்கிக்கும் வேண்டியது அதே எஃகு, அதே தொழிலாளர்கள். ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் எதை, எவ்வளவு விட வேண்டும்? இதைக் காட்டத்தான் பொருளியலில் உற்பத்தி வாய்ப்பு வளைகோடு வரைகிறார்கள்.

கீழே உள்ளவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஓராண்டில், இருக்கும் ஆட்களையும் இயந்திரங்களையும் முழுதாகப் பயன்படுத்தினால் கிடைப்பவை.

| புள்ளி | டாங்கி (ஆயிரம்) | கார் (லட்சம்) |
|---|---|---|
| அ | 0 | 20 |
| ஆ | 1 | 18 |
| இ | 2 | 14 |
| ஈ | 3 | 8 |
| உ | 4 | 0 |

படுக்கை அச்சில் டாங்கியையும் செங்குத்து அச்சில் காரையும் குறித்து, ஐந்து புள்ளிகளையும் இணையுங்கள். கோடு வெளிப்பக்கமாகப் புடைத்து இறங்கும். உள்பக்கம் குழிந்தால் எங்கோ எண்ணைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள்.

முதல் ஆயிரம் டாங்கிக்காக விட்டது 2 லட்சம் கார். அதுதான் அதன் வாய்ப்புச் செலவு. இரண்டாவது ஆயிரத்துக்கு? 18-லிருந்து 14-க்கு இறங்குகிறோம். ஆகவே 4 லட்சம். மாணவர்கள் பலர் இங்கே 14 என்றோ, தொடக்கத்திலிருந்து கூட்டி 6 என்றோ எழுதிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த ஒரு படியில் ஏற்பட்ட இழப்பை மட்டுமே. அடுத்த படிகளில் அது 6, 8 என்று ஏறுகிறது. முதலில் டாங்கி வேலைக்குப் பொருத்தமான இயந்திரங்களும் ஆட்களும் போகிறார்கள்; பிறகு கார் இருக்கைக்கு உறை தைப்பவரையும் இழுக்க வேண்டியிருக்கிறது. அவர் வராததால் கார் நிறையக் குறைகிறது, வந்ததால் டாங்கி கொஞ்சமே கூடுகிறது. கோடு புடைப்பது இதனால்தான்.

கோட்டின் மேல் உள்ள எல்லாப் புள்ளிகளும் திறனானவை. அவற்றில் எது நல்லது என்று கோடு சொல்லாது. அதை நாடுதான் முடிவு செய்ய வேண்டும். 3 ஆயிரம் டாங்கியும் 12 லட்சம் காரும் கோட்டுக்கு வெளியே விழும். அந்த ஆண்டில் எட்டவே முடியாது. 2 ஆயிரம் டாங்கியும் 10 லட்சம் காரும் உள்ளே விழும். அங்கே ஆளோ ஆலையோ சும்மா கிடக்கிறது, அல்லது பொருந்தாத வேலையில் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் ஒரு டாங்கிகூடக் குறையாமல் இன்னும் 4 லட்சம் கார் கிடைக்கும்.

1940-ல் அமெரிக்கா இப்படி உள்ளேதான் நின்றது. பெருமந்தம் விட்டுச்சென்ற வேலையின்மை தீரவில்லை. அதனால் 1941-ல் போர்த் தளவாடங்களும் மக்களின் நுகர்வும் சேர்ந்தே கூட முடிந்தது. கோட்டை நெருங்கிய பிறகுதான் காரை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.