டின் மீனின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

மாணவர்களே, ஆண்டு இறுதி மழை தொடங்கிவிட்டால் புஞ்சாக் ஆலாம், கோல சிலாங்கூர் பக்கத்துக் கடைகளில் சார்டின் டின்களும் மீ பொட்டலங்களும் வேகமாகக் குறையும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது, மின்சாரமும் அடுப்பும் இல்லாமல் மாட்டிக்கொண்ட வீடுகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். விடுதிக்குப் புறப்படும் அக்காவின் பையிலும் இதே பொருள்கள்தாம். அடுத்த முறை வாங்கும்போது டின்னைக் கொஞ்சம் திருப்பி லேபிளைப் படியுங்கள்.

முதலில் எடை. ‘பெராட் பெர்சே’ என்பது மீனும் குழம்பும் சேர்ந்த நிகர எடை. சில டின்களில் ‘பெராட் தொஸ்கான்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது குழம்பை வடித்தபின் மிஞ்சும் மீனின் எடை. நீங்கள் காசு கொடுப்பது மீனுக்கு என்றால், பார்க்க வேண்டியது இரண்டாவது எண். அது இல்லாவிட்டால், வீட்டில் ஒரு டின்னைச் சல்லடையில் கொட்டி, இரண்டு நிமிடம் வடியவிட்டு, தராசில் வைத்துப் பாருங்கள்.

கணக்கைப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் கடை விலையை வைத்து நீங்களே திரும்பப் போடலாம். 425 கிராம் பெரிய டின் 9 ரிங்கிட், வடித்த மீன் 240 கிராம். 155 கிராம் சின்ன டின் 4 ரிங்கிட் 5 சென், வடித்த மீன் 90 கிராம். 100 கிராம் மீனுக்குப் பெரியதில் 3 ரிங்கிட் 75 சென், சின்னதில் 4 ரிங்கிட் 50 சென். பெரியதே லாபம் என்று தோன்றும்.

ஆனால் விடுதி அறையில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா? வெள்ளத்தில் மின்சாரம் இருக்குமா? டின்னை மூடி ஒட்டியபின், அழுத்தக் கலத்தில் 116 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். கொதிநீரின் 100 பாகைக்குச் சாகாத கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் அழிகின்றன. (மீன் முள் மெல்லும் அளவுக்கு மென்மையாக இருப்பதற்கும் அதுதான் காரணம், அந்த முள்ளில் கால்சியம் உண்டு, துப்பிவிடாதீர்கள்.) திறந்த நொடியிலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடும். நம் வெயிலில் மிச்ச மீனை மறுநாளைக்கு வைக்க முடியாது. பெரிய டின்னில் பாதியை எறிந்தால், சாப்பிட்டது 120 கிராம்தான். அப்போது 100 கிராமின் உண்மை விலை 7 ரிங்கிட் 50 சென். தனியாக இருப்பவருக்குச் சின்ன டின்தான் மலிவு. ஆறேழு பேர் உள்ள வீட்டுக்குப் பெரியதை வாங்கலாம்.

அடுத்து உப்பு. லேபிளில் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லேபிளில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் என்றிருந்தால், 155 கிராம் டின் முழுவதையும் குழம்போடு சாப்பிட்டவருக்குப் போவது 620. அதோடு ஒரு பொட்டலம் மீ சேர்த்தால்? அதன் லேபிளில் 1,200 என்றிருந்தால் மொத்தம் 1,820. ஒரே வேளையில் நாளின் அளவு ஏறக்குறைய முடிந்துவிட்டது! மீயின் உப்பில் பெரும்பகுதி மசாலாப் பொடியில்தான் இருக்கிறது. சார்டின் குழம்பே சுவை தருவதால் பாதிப் பொடி போதும் என்பது என் கருத்து. ‘ஒரு பரிமாறல்’ என்ற கட்டத்தையும் கவனியுங்கள். சில டின்களில் ஒரு பரிமாறல் என்பது பாதி டின்தான்.

வெள்ளத்துக்காக வாங்கும்போது இன்னொரு கேள்வி: சூடாக்காமல் சாப்பிட முடியுமா? டின் மீன் ஏற்கெனவே வெந்தது, அப்படியே சாப்பிடலாம். மீக்கு நல்ல நீரும் அடுப்பும் வேண்டும். டின்னைத் திறக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பதை முன்பே பாருங்கள். இல்லையென்றால் வளையம் வைத்த மூடியை வாங்குங்கள்.

கடைசியாக, டின் உப்பியிருந்தால், கசிந்தால், அல்லது விளிம்பு மடிப்பில் ஆழமான நசுக்கல் இருந்தால் வாங்காதீர்கள். உப்பியதற்குக் காரணம் உள்ளே வளரும் கிருமிகள் விடும் வாயுவாக இருக்கலாம். சுவைத்துப் பார்த்துச் சோதிக்கவே வேண்டாம். ஆனால் வெளியில் தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. மத்தி, கெம்போங், சூரை போன்ற மீன்களைப் பிடித்தபின் உடனே குளிரில் வைக்காவிட்டால், கிருமிகள் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும். டின் ஆலையின் சூட்டில் கிருமி சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். நாம் மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. முதல் வாயிலேயே மிளகு கடித்தாற்போல் நாக்கு சுரீரென்றால் நிறுத்திவிடுங்கள். முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 999-ஐ அழையுங்கள். டின்னைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள், அதன் மூடியிலோ அடியிலோ உள்ள தயாரிப்புக் குறியீடு சுகாதாரத் துறைக்குத் தேவைப்படும்.