வேலைக் கடிதத்தில் ஒரு பத்தி

புணே நகரின் லட்சுமி சாலையில் துணிக்கடைகள் வரிசையாக உள்ளன. அப்பகுதியின் பழைய கடைகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்து வருகிறது. பகல் ஒரு மணிக்குக் கதவை இழுத்து மூடிவிடுவர். மாலை நான்கு மணிக்கே திறப்பர். புணேக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு வியப்பர். ஊர்க்காரர்கள் இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பர். வாடிக்கையாளருக்கு இது வேடிக்கைதான். அக்கடையில் நின்று விற்பவருக்கோ, இம்மூன்று மணி நேரம் யாருடையது என்பது பெரிய வினா.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தேஹு ரோட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. அவள் அண்ணனுக்கு நகரின் நடுவே ஒரு துணிக்கடையில் விற்பனை உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. "ஐயா, அண்ணன் இதில் கையெழுத்திட வேண்டுமாம். அப்பா உங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னார்" என்றாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ஊதியம் பற்றிய வரி தெளிவாகவே இருந்தது. மாதம் 15,600 ரூபாய். நான் நின்று படித்தது அதற்கு அடுத்த பத்தியை. அதன் தமிழாக்கம் இது:

"தங்கள் பணி நேரம், திங்கள் நீங்கலாக ஏனைய ஆறு நாள்களிலும் காலை 9.30 மணி முதல் இரவு 8.30 மணி வரை ஆகும். பகல் 1 மணி முதல் 4 மணி வரை கடை மூடப்பட்டிருக்கும். அந்நேரம் இடைவேளையாகக் கொள்ளப்படும். திங்கட்கிழமை வார விடுமுறை. விழாக்காலங்களில் கூடுதல் நேரமும், தேவைப்படின் விடுமுறை நாளிலும் பணியாற்ற வேண்டும். கூடுதல் நேரத்திற்கு நிறுவன வழக்கப்படி ஊதியம் வழங்கப்படும்."

மாணவர்களே, இப்பத்தியில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. எனவேதான் இதனை மெதுவாகப் படிக்க வேண்டும்.

கடையில் பணிபுரிவோரின் நேரத்தை மகாராஷ்டிரத்தில் ஒரு தனிச்சட்டம் வரையறுக்கிறது. அது 2017ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அந்தக் கடையில் இருபத்து நான்கு பேர் பணியில் இருந்தனர். ஆகவே கடை அச்சட்டத்திற்கு உட்பட்டதே. கடிதம் வந்த நாளில் சட்டம் கூறியவை இவை: ஒருவரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்குவதாயின், இடையே அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும்.

முதலில் நேரத்தைக் கூட்டுவோம். காலை 9.30 முதல் 1 வரை மூன்றரை மணி. மாலை 4 முதல் 8.30 வரை நாலரை மணி. ஆக, நாளுக்கு 8 மணி. ஆறு நாளைக்கு 48 மணி. நாள் கணக்கும் சரி, வாரக் கணக்கும் சரி, இடைவேளையும் தாராளம். மாணவியின் தந்தை இவ்வளவு தூரம் கணக்கிட்டுப் பார்த்து மனநிறைவு கொண்டிருந்தார்.

ஆயினும் சட்டத்தில் இன்னோர் அளவும் உண்டு. வேலை தொடங்கும் நேரத்திலிருந்து முடியும் நேரம் வரை, இடைவேளைகளையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தம் பத்தரை மணி நேரத்தைத் தாண்டலாகாது. இதனை 'ஸ்ப்ரெட் ஓவர்' என்பர்; ஒரு வேலைநாளின் மொத்த நீளம் என்று நாம் கொள்ளலாம். அவசர வேலைக்கும், விட்டு விட்டு நடைபெறும் இயல்புடைய வேலைக்கும் மட்டும் அது 12 மணி வரை நீளலாம். இக்கடிதத்தில் 9.30 முதல் 8.30 வரை பதினொரு மணி நேரம். அரைமணி அதிகம்.

இப்படி ஓர் அளவு எதற்கு? வேலை நேரம் மட்டும் கணக்கில் வந்தால், ஒருவரைக் காலையில் நான்கு மணி, இரவில் நான்கு மணி என வேலை வாங்கி, நடுவே உள்ள பகல் முழுவதையும் 'இடைவேளை' என்று எழுதிவிடலாம். கடைக்கு அருகில் வீடு உடைய முதலாளி பகலில் உண்டு உறங்கி எழுவார். தேஹு ரோட்டிலிருந்து வரும் இளைஞர் என்ன செய்வார்? ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். வீட்டிற்குப் போய்த் திரும்பினால் சோறு உண்ணவும் நேரம் போதாது. ஆகவே படிக்கட்டிலோ, பூட்டிய கடையின் திண்ணையிலோ அந்த மூன்று மணி நேரம் கழியும். அந்நேரத்திற்கு ஊதியம் இல்லை. அது அவருக்கு உரிய நேரமாகவும் இல்லை. (உட்கார இடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் அமர இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாடு 2021இல் தன் கடைச் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுவதும் நிற்பவர் கால்வலியை வேலைக் கடிதம் எதுவும் எழுதுவதில்லை.)

அடுத்து வார விடுமுறை. திங்கட்கிழமை என்று எழுதினால் போதுமா? சட்டம் கேட்பது, இடையறாத 24 மணி நேர ஓய்வு. ஞாயிறு இரவு 8.30க்கு வேலை முடிந்து, செவ்வாய் காலை 9.30க்குத் தொடங்கினால் 37 மணி நேரம் கிடைக்கிறது; குறையில்லை. ஆனால் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. "திங்கள் மாலை நான்கு மணிக்கு வந்து புதுச்சரக்கை அடுக்கிவிட்டுப் போ, இரண்டே மணி நேரம்தான்" என்பர். அப்படி வந்தால் ஞாயிறு இரவு 8.30 முதல் திங்கள் மாலை 4 வரை பத்தொன்பதரை மணி நேரமே ஓய்வு. அன்று விடுமுறை கிடைத்ததாகக் கொள்ள முடியாது. அவ்வாறு இழந்த விடுமுறைக்கு ஈடாக இரண்டு மாதத்திற்குள் வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். கடிதத்தில் 'விடுமுறை நாளிலும் பணியாற்ற வேண்டும்' என்பது இருந்தது. ஈட்டு விடுமுறை பற்றிய சொல் இல்லை.

'தேவைப்படின்' என்னும் சொல்லையும் கவனியுங்கள். யாருக்குத் தேவைப்படின்? எழுவாய் இல்லாத வாக்கியம் தமிழில் இயல்பானது. வேலைக் கடிதத்தில் அது ஆபத்தானது.

எஞ்சியிருப்பது 'நிறுவன வழக்கப்படி' என்னும் தொடர். பத்தியிலேயே விலை மிகுந்த தொடர் இதுதான். அதன் விலையைக் கணக்கிட்டே காணலாம்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அக்கடை பகலில் மூடப்படுவதில்லை. காலை 9.30 முதல் இரவு 8.30 வரை திறந்திருக்கும். பணியாளருக்குப் பகல் 1 மணிக்கு அரைமணியும், மாலை 5 மணிக்கு அரைமணியும் ஓய்வு. எனவே நாளுக்கு 10 மணி நேர வேலை. ஆறு நாளைக்கு 60. வார வரம்பு 48 என்பதால், வாரத்திற்கு 12 மணி நேரம் கூடுதல். இரண்டு வாரத்திற்கு 24. மூன்று மாதத்தில் மொத்தம் 125 மணி நேரம் வரை கூடுதல் வேலை வாங்கலாம் என்பதால் இதில் தடையில்லை. ஆனால் கூடுதல் நேரத்திற்குரிய ஊதியம் வழக்கமான ஊதியத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும்.

மாத ஊதியம் 15,600 ரூபாய். மாதத்திற்கு 26 வேலைநாள் எனக் கொள்வது வழக்கம். ஆகவே நாளுக்கு 600 ரூபாய். நாளுக்கு 8 மணி நேரம் என்பதால் மணிக்கு 75 ரூபாய். அதன் இரு மடங்கு 150. இருபத்து நான்கு மணி நேரத்திற்கு 3,600 ரூபாய் வருகிறது. அக்கடையின் 'வழக்கம்' என்ன என்று கேட்டு வரச் செய்தேன். மணிக்கு 50 ரூபாய் என்றனர். அதாவது 1,200 ரூபாய். கூடுதலாக உழைத்த ஒரு மணிக்கு, சாதாரண மணியைவிடக் குறைந்த கூலி! இரண்டு வாரத்தில் 2,400 ரூபாய் இழப்பு. கடிதத்தில் அதற்கு ஈடாக நின்றது இரண்டே சொற்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இவருடைய வழக்கமான வாரமே சரியாக 48 மணி. எனவே இரவு கடையடைத்த பின் சேலைகளை மடித்து வைக்க இருபது நிமிடம் நிறுத்தினாலும், அது அன்றே கூடுதல் நேரமாகிவிடுகிறது. கடையின் ஹாஜிரிப் பதிவேட்டில் 8.30 என்றே எழுதப்பட்டிருக்கும். ஆகையால் வந்த நேரத்தையும் உண்மையில் வெளியேறிய நேரத்தையும் சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரும்படி அவ்விளைஞரிடம் கூறினேன். மாத இறுதியில் ஊதியச் சீட்டில் கூடுதல் நேரத்திற்கெனத் தனி வரி இல்லையென்றால், கூடுதல் நேரம் எங்கோ கரைந்துவிட்டது என அறியலாம்.

2025இல் மகாராஷ்டிர அரசு இச்சட்டத்தைத் திருத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். நாள் வரம்பு 9இலிருந்து 10 மணியாயிற்று. வேலைநாளின் மொத்த நீளம் பத்தரையிலிருந்து 12 மணியாயிற்று. மூன்று மாதக் கூடுதல் நேரம் 125இலிருந்து 144 ஆயிற்று. இருபது பேருக்குக் குறைவான கடைகள் இதன் வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. ஆகவே அதே கடிதம் இன்று வருமானால், பதினொரு மணி நேரம் என்பதைக் குறையாகக் காட்ட முடியாது. என் கருத்தில் இது பணியாளருக்கு இழப்பே. எனினும் வாரத்திற்கு 48 என்னும் வரம்பு மாறவில்லை. எனவே மேலே கண்ட தீபாவளிக் கணக்கு அப்படியே நிற்கிறது.

அண்ணன் அக்கடிதத்தில் உடனே கையெழுத்திடவில்லை. கடை முதலாளியிடம் மூன்று இடங்களைக் குறித்துக் காட்டினார். முதலாளி சற்று முகம் சுளித்தார் எனக் கேள்வி. விடுமுறை நாளில் அழைக்கும் உரிமையை விட்டுவிட அவர் இசையவில்லை. மற்றவற்றைத் திருத்தித் தந்தார். திருத்திய பத்தி இவ்வாறு அமைந்தது:

"தங்கள் பணி நேரம், திங்கள் நீங்கலாக ஏனைய ஆறு நாள்களிலும் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரையும், மாலை 4 மணி முதல் இரவு 8.30 மணி வரையும் ஆகும். திங்கட்கிழமை முழுநாள் வார விடுமுறை. அந்நாளில் நிறுவனம் பணிக்கு அழைத்தால், இரண்டு மாதத்திற்குள் ஈட்டு விடுமுறை ஒருநாள் வழங்கப்படும். நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்திற்கு 48 மணி நேரத்தையோ கடந்த வேலைக்கு, வழக்கமான மணிநேர ஊதியத்தைப்போல் இரு மடங்கு வழங்கப்படும்."

வாரம் 45 மணி நேரமாகக் குறைந்தது. மாத ஊதியம் 15,600 ரூபாயாகவே இருந்தது. அவ்வாண்டுத் தீபாவளி முடிந்த மாதத்தில், மாணவி அண்ணனின் ஊதியச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் 'ஓவர்டைம்' என்று தனியே ஒரு வரி இருந்தது. குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் குறைந்திருந்தது. மறுநாள் அவர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றார்.