அண்ணாந்து குடித்த காபி

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் காபி கேட்டார். இடது பக்கம் பக்கவாதம். வாய் லேசாகக் கோணியிருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது, நினைவு தெளிவாக இருந்தது. குழைந்த சோறே இறங்குகிறது, காபிதானே என்று அம்மா ஆற்றிக் கொடுத்தார். அப்பா ஆயுள் முழுக்க இருந்த பழக்கத்தில் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். புரையேறவில்லை. இருமல்கூட வரவில்லை. "நல்லாருக்கு" என்றார். அந்தக் குரல் மட்டும் தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல ஈரமாகக் கேட்டது. சளி கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா.

வீட்டுக்கு அனுப்பும்போது விழுங்குவதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். பலருக்கு வாரக்கணக்கில் அது சரியாகிவிடும். அந்த இடைப்பட்ட காலத்தில் நடக்கும் தவறுதான் ஆபத்து.

தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு இந்த மூடல் தாமதமாகலாம். சோறு கட்டியாக மெதுவாக நகர்வதால் அந்தத் தாமதத்தைத் தாங்கும். தண்ணீரும் காபியும் மோரும் நாக்கிலிருந்து நழுவி, குரல்வளை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீர்தான் சுலபமாக இறங்கும் என்று நாம் நினைப்பது இங்கே தலைகீழ். அண்ணாந்தால் இன்னும் மோசம். தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்து கிடக்கிறது, காபி தானாகவே ஓடி இறங்குகிறது.

தொண்டையின் உணர்வு மரத்துப்போயிருந்தால் இருமலும் வராது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம், தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்போம். பக்கவாத நோயாளிக்குப் புரையேறினால் தண்ணீர் கொடுக்கவே கூடாது. முன்னால் சாய்ந்து இரும விட வேண்டும். புரையே ஏறவில்லை என்பதும் பத்திரத்துக்கு அத்தாட்சி அல்ல.

இரண்டாம் முறை சேர்த்தபோதுதான் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்த்தோம். பேச்சுப் பயிற்சி தருபவர் என்று மட்டுமே நினைத்திருந்தோம். விழுங்குவதைச் சோதித்து, எதை எவ்வளவு கட்டியாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்பவரும் அவர்தான். பக்கவாதம் வந்தவருக்கு வாய்வழியாக ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்று குடும்பத்தார் கேட்கலாம், கேட்க வேண்டும்.

காய்ச்சல் இறங்கிய பிறகு அவர் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருவேளைச் சாப்பாட்டை முழுதாகக் காட்டினார். "ஐயா நல்லா முழிச்சிருக்காரான்னு முதல்ல பாருங்கம்மா. தூக்கக் கலக்கத்துல ஒரு வாய்கூட வேண்டாம்." அப்பாவை நாற்காலியில் நேராக உட்காரவைத்தார். கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்த்தால் போதாது, இடுப்பு மடங்கி முதுகு நிமிர வேண்டும். பலவீனமான இடது பக்கம் சரியாமல் ஒரு தலையணை வைத்தார். டிவியை அணைத்தார். அம்மா நின்றுகொண்டு ஊட்டினால் அப்பா முகத்தைத் தூக்கிப் பார்ப்பார், அதுவும் அண்ணாந்த கதைதான். அதனால் அம்மாவை எதிரே, அதே உயரத்தில் உட்காரச் சொன்னார்.

டீஸ்பூனில் பாதி, வாயின் வலது பக்கமாக. பிறகு அவசரமில்லாமல் காத்திருப்பு. தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சில வாய்க்கு ஒருமுறை அப்பாவை "ஆ" என்று சொல்லச் சொன்னார். குரல் ஈரமாகக் கேட்டால் இன்னொரு முறை விழுங்கவைத்து, இருமச் சொல்லி, தெளிந்த பின் தொடர வேண்டும். தெளியாவிட்டால் அந்த வேளைச் சாப்பாட்டை அதோடு நிறுத்த வேண்டும். கடைசியில் டார்ச் அடித்து இடது கன்னத்தைப் பார்த்தார். மரத்த கன்னத்துக்குள் இரண்டு கவளம் அப்படியே அடங்கியிருந்தது, அப்பாவுக்கே தெரியாமல். படுத்த பிறகு அது நழுவியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கஷ்டம் ரசத்தில் வந்தது. ரசஞ்சாதம் மென்மையானதுதானே என்று அம்மா வாதாடினார். அதில் சோறு நாக்கில் நிற்கும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும். கட்டியும் நீரும் ஒன்றாக வரும் எதுவும் சிக்கல்தான்: பருக்கை மிதக்கும் கஞ்சி, சாம்பாரில் மிதக்கும் இட்லி. சோற்றோடு சேர்த்து ஒரே பதமாக, தண்ணீர் பிரியாமல் மசித்தால் ரசத்தையும் கொடுக்கலாம் என்றார். ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், அதனால் வேண்டாம்.

காபிக்கும் தண்ணீருக்கும் கெட்டிப்படுத்தும் பொடி எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் அது தேவைப்படாது, தேவைப்பட்டாலும் ஆளுக்கு ஆள் அளவு வேறு. அதனால் சோதிக்காமல் நாமே வாங்கிக் கலக்கக் கூடாது. அவரே ஒரு 10 மில்லி சிரிஞ்சும் தந்தார். தண்டை உருவிவிட்டு, அடியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட வேண்டும். அப்பாவுக்குச் சொன்ன பதத்தில் 4 முதல் 8 மில்லிக்குள் மிச்சம் நிற்க வேண்டும். வெறும் தண்ணீராக இருந்தால் ஏறக்குறைய முழுதும் ஓடிவிடும். பால் கலந்த காபி கெட்டியாகத் தண்ணீரைவிட அதிக நேரம் எடுத்தது. பொடி மாவுச்சத்தால் ஆனது என்பதால் எச்சில் பட்ட கரண்டியை டம்ளருக்குள் திரும்ப விட்டால் நீர்த்துப்போகும். கெட்டி நீர் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, குறைவாகவே குடித்தார். சிறுநீர் அடர்மஞ்சளாகிறதா என்று நாங்கள் தினமும் பார்த்தோம்.

வாயைச் சுத்தம் செய்வதை நாங்கள் கடைசி வேலையாக வைத்திருந்தோம். தெரபிஸ்ட் அதை முதலில் வைத்தார். எச்சிலும் நுரையீரலுக்குள் போகும். அழுக்கு வாயின் எச்சிலில் இருக்கும் கிருமிதான் நிமோனியாவைக் கொண்டுவருகிறது. தினம் இரண்டு முறை பல் துலக்கி, சாப்பிட்டதும் கன்னத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தோம். மாத்திரையைப் பொடித்து மசித்த பழத்தில் கலக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டோம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

எப்போது ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், மூச்சு வேகமாவது, சாப்பிட்டதும் குரல் ஈரமாகவே இருப்பது, எடை இறங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அடைத்துக்கொண்டு பேச்சும் மூச்சும் வராமல் போனால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, பலிக்காவிட்டால் பின்னாலிருந்து கட்டி வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு விடும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும்.

ஆறாவது வாரம் மறுபடியும் சோதித்து, பொடியை நிறுத்தச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தார். "என்னங்க, தலையத் தூக்காதீங்க" என்றார். அப்பா டம்ளரை உதட்டில் வைத்து, தலையைக் குனிந்து, ஒரு மடக்கு குடித்தார். அம்மா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆ சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார். குரல் ஈரமில்லாமல் இருந்தது.