எட்டுக் கையும் எட்டாவே இருக்கணும்: மாமல்லபுரம் சிற்பமும் கண்ட்ரோல்நெட்டும்

மாமல்லபுரத்துல மகிஷாசுரமர்த்தினி குகையின் பக்கச் சுவரைப் பார்த்திருப்பீங்க. இடப்பக்கம் சிங்கத்து மேல எட்டுக் கைகளோட துர்க்கை, கையில வளைச்ச வில். வலப்பக்கம் எருமைத் தலையோட மகிஷன், கதையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாயறான். இதை வண்ண ஓவியமா மாத்தணும்னு ஆசைப்பட்டேன்.

வெறும் வார்த்தையில கேட்டப்போ துர்க்கைக்கு ரெண்டு கைதான் வந்துச்சு. மகிஷன் நிமிர்ந்து நின்னான். மனித எலும்புக்கூட்டை வைச்சு நிலையைச் சொல்ற ஓப்பன்போஸும் இங்க உதவாது. அதுக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு கைதான் தெரியும். அதனால 2023ல வந்த கண்ட்ரோல்நெட்டோட ரெண்டு வழிகளை எடுத்தேன்: எட்ஜ் மேப், டெப்த் மேப்.

எட்ஜ் மேப்னா வெளிச்சம் சட்டுன்னு மாறுற இடத்துல எல்லாம் வெள்ளைக் கோடு. ஆனா இது கருங்கல். சொரசொரப்பு முழுக்கப் புள்ளிகளா விழுந்துச்சு, மாடல் அதையெல்லாம் நகையாவும் விரிசலாவும் வரைஞ்சிருச்சு. அதனால முதல்ல கல்லை மழுங்கடிக்கணும்:

```python
gray = cv2.bilateralFilter(gray, 9, 75, 75)
edges = cv2.Canny(gray, 120, 220)
```

அந்த ரெண்டு எண்களை ரொம்ப ஏத்தினா பின்கைகள் காணாமப் போகும். எட்ஜ் மேப்பை மட்டும் பார்த்து உங்களால கைகளை எண்ண முடியலைன்னா, மாடலாலயும் முடியாது.

கோட்டுக்கு எது முன்னால, எது பின்னாலன்னு தெரியாது. அதைச் சொல்றதுதான் டெப்த் மேப்: கிட்ட இருக்கிறது வெளுப்பு, தூரத்துல இருக்கிறது கருப்பு. இங்க நான் செஞ்ச தப்பு, சுவரைச் சாய்வா நின்னு படம் எடுத்தது. புடைப்புச் சிற்பத்தோட ஆழம் கொஞ்சம்தான். சுவரோட சாய்வு அதைவிடப் பெருசா பதிஞ்சு, சிற்பம் மங்கிப் போச்சு. நேரா நின்னு எடுத்ததும் உருவங்கள் பிரிஞ்சு தெரிஞ்சுது. மகிஷனோட சாய்வு சரியா வந்துச்சு, ஆனா டெப்த் மட்டும் வைச்சா வில்லு போயிடுது.

அதனால ரெண்டையும் சேர்த்தேன். முதல்ல எட்ஜ், அடுத்தது டெப்த்:

```python
controlnet_conditioning_scale=[0.6, 0.8],
control_guidance_end=[0.6, 1.0]
```

படம் உருவாகும்போது அமைப்பு ஆரம்பப் படிகள்லயே முடிவாகும். நுணுக்கம் கடைசியிலதான் வரும். எட்ஜைக் கடைசி வரை விட்டா முகத்துல கல்லோட கீறல் ஒட்டிக்கும். அதான் 60 சதவீதத்துல நிறுத்தறேன். அகலமான படத்தைச் சதுரமா நசுக்காதீங்க, சிங்கம் குட்டையாயிடும்.

கடைசியா, எட்ஜ் மேப்பை வந்த படத்து மேல வைச்சுப் பாருங்க. எனக்குக் கைகள் எட்டும் பொருந்துச்சு. ஆனா சங்கு இருக்க வேண்டிய கையில ஏதோ பழம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு! கோடு இடத்தைத்தான் காப்பாத்தும், பொருளை இல்ல. அந்தக் கையை மட்டும் தனியா மறுபடி வரைய வைக்க வேண்டியிருந்தது.